இரவு 12.40-க்கு ஏறும் பஸ் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது?

போன வருடம் வைகாசியில் நாகர்கோவிலில் சித்தி மகளுக்குக் கல்யாணம். நாங்கள் இருப்பது திருச்சி. அம்மா, நான், மனைவி, பையன் என்று நான்கு பேருக்கும் சென்னையிலிருந்து நாகர்கோவில் போகும் ஒரு தனியார் ஏ.சி. ஸ்லீப்பரில் ஆப் வழியாக டிக்கெட் போட்டிருந்தேன். ஒரு இருக்கைக்கு 1,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 50. மொத்தம் 4,200. வெள்ளிக்கிழமை இரவு 12.40-க்கு திருச்சியில் ஏற வேண்டும்.

வெள்ளி விடியற்காலை நாலு மணிக்குப் பையனுக்கு நெற்றி கொதித்தது. மாத்திரை கொடுத்து, 'டாக்டர் பத்து மணிக்கு வருவார், பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்' என்று இருந்துவிட்டோம். டாக்டர் பார்த்தார், பயணம் வேண்டாம் என்றார். சரி, மனைவியும் பையனும் வீட்டில் இருக்கட்டும், நானும் அம்மாவும் மட்டும் போவோம், இரண்டு இருக்கையை ரத்து செய்வோம் என்று மருத்துவமனை வாசலிலேயே போனை எடுத்தேன். அப்போது மணி 10.30.

டிக்கெட்டில் இருந்த ரத்து விதி இதுதான்: 48 மணி நேரத்துக்கு முன் என்றால் 10 சதவீதம் பிடித்தம், 48 முதல் 24 மணி வரை 25 சதவீதம், 24 முதல் 12 மணி வரை 50 சதவீதம், 12 மணிக்குள் வந்துவிட்டால் ஒன்றும் கிடையாது. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இரவு 12.40-க்கு இன்னும் 14 மணி நேரம் இருக்கிறது. பாதிப் பணம் போகும், பாதி வரும். ரத்து பொத்தானை அழுத்தினால் திரை சொல்கிறது: திரும்ப வரும் தொகை 0.

ஆப்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டுக் கத்தவும் செய்தேன். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னார்: "சார், உங்க டிக்கெட்டைத் திறந்து கடைசி வரைக்கும் கீழே வாங்க. Service start time-னு ஒரு வரி இருக்கும், படிங்க." படித்தேன். வெள்ளிக்கிழமை மாலை 6.45. அது அந்த பஸ் சென்னையில் முதல் ஏறுமிடத்திலிருந்து கிளம்பும் நேரம். ரத்துக் கணக்கு ஓடுவது அந்தக் கடிகாரத்தில்தான், நான் திருச்சியில் ஏறும் நேரத்தில் இல்லை. 6.45-க்கு இன்னும் எட்டேகால் மணி நேரம்தான் இருந்தது. 12 மணிக்குள் வந்தாகிவிட்டது.

அதாவது காலை 6.45-க்கு முன்னால் ரத்து செய்திருந்தால் இரண்டு இருக்கைக்கும் சேர்த்து 1,050 ரூபாய் திரும்பியிருக்கும். நாலு மணிக்கே காய்ச்சல் தெரிந்தும் டாக்டருக்காகக் காத்திருந்ததில் அது போனது. இரண்டு படுக்கைகள் காலியாகவே நாகர்கோவில் வந்து சேர்ந்தன. அம்மா தன் பையை ஒன்றில் படுக்க வைத்தார். "காசு குடுத்த எடம்ல, சும்மா விடுவானேன்" என்றார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், சென்னையிலோ கோவையிலோ ஏறுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. அவர்கள் ஏறும் நேரமும் பஸ் கிளம்பும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நடுவழி ஊர்க்காரர்களுக்குத்தான் அடி. திருச்சி, மதுரை, விழுப்புரம் என்று வழியில் ஏறுகிறவர்கள் எல்லோரும் தங்கள் ஊர் நேரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். இன்னும் மோசமான ஒன்றும் உண்டு. பஸ் முதல் இடத்தை விட்டுக் கிளம்பிவிட்டால் ரத்து செய்யும் வசதியே பெரும்பாலும் மூடிவிடும். மாலை ஏழு மணிக்கு 'இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கே' என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், பஸ் தாம்பரத்தைத் தாண்டிக்கொண்டிருக்கும்.

பஸ்காரர் பக்கத்து நியாயமும் இல்லாமல் இல்லை. வண்டி கிளம்பும்போது யார் எந்த இருக்கை என்ற பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். என் படுக்கை திருச்சியிலிருந்துதான் எனக்கு என்றாலும், சென்னையிலிருந்தே அதை வேறு யாருக்கும் விற்காமல் வைத்திருப்பார்கள். கடைசி நேரத்தில் நான் விட்டால் அதை நிரப்ப ஆள் கிடைக்காது. இதெல்லாம் சரி. ஆனால் ஏறும் நேரத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் இந்த நேரத்தையும் அதே அளவில் போடலாம் இல்லையா?

நள்ளிரவு தாண்டி ஏறுகிறவர்களுக்குத் தேதிச் சிக்கல் வேறு. 12.40 என்பது நாட்காட்டிப்படி சனிக்கிழமை. ஆனால் பஸ் வெள்ளிக்கிழமை பஸ். ஆப்பில் வெள்ளியைத் தேர்ந்தெடுத்தால்தான் வெள்ளி இரவு தூங்காமல் விழித்திருந்து ஏறும் பஸ் வரும். என் அலுவலக நண்பர் ஒருவர் சனியைத் தேர்ந்தெடுத்துவிட்டு வெள்ளி நள்ளிரவு பெட்டியோடு போய் நின்றார். அவர் பெயர் பட்டியலில் இல்லை. நல்லவேளையாக, அவருடைய டிக்கெட்டுக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது. அங்கேயே நின்று ரத்து செய்து பாதியை மீட்டார். பஸ்ஸுக்கு முன்தினமே போய் நின்றதால் தப்பித்தார். பஸ் போன மறுநாள் போய் நின்றிருந்தால் முழுதும் போயிருக்கும், வராத பயணிக்கு யாரும் ஒரு ரூபாய் தருவதில்லை.

அடுத்து, பிடித்தத்தின் கணக்கு. சதவீதம் தெரிந்தாலும் கையில் வரும் தொகை எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். தீபாவளி சமயம் மைத்துனருக்குப் போட்ட 1,000 ரூபாய் டிக்கெட்டை 30 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தேன். பிடித்தம் 25 சதவீதம். "250 போனா 800 வரணும், 787 ரூபா 50 பைசாதானே வந்திருக்கு, அந்த பன்னண்டரை ரூபா எங்க மாமா?" என்று மைத்துனர் கேட்டார். அவர் கணக்கு வாத்தியார், விடமாட்டார். அந்த 12.50 வரி. ஏ.சி. பஸ் கட்டணத்துக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. பயணத்தை ரத்து செய்தால் பிடித்தத் தொகைக்கும் அதே விகிதத்தில் வரி உண்டு. மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கையில் இதைத் தெளிவாக்கியது: மூல சேவைக்கு என்ன வரியோ, ரத்துக் கட்டணத்துக்கும் அதே வரி. ஆக 1,050 கட்டினேன், 250-ம் அதற்கான வரி 12.50-ம் போனது, 787.50 வந்தது. வாத்தியாருக்குத் திருப்தி.

கூப்பன் போட்டு வாங்கும்போது இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். ஒருமுறை 1,200 ரூபாய் இருக்கையை 150 தள்ளுபடியில் 1,050-க்கு வாங்கினேன். வரி இந்தத் தொகையிலேயே அடங்கியிருந்தது. ரத்து செய்தபோது 50 சதவீதம். நான் 525 வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது 450. பிடித்தத்தை அவர்கள் இருக்கையின் அசல் விலையான 1,200-இல் கணக்கிட்டு 600 எடுத்தார்கள். 1,050-இல் 600 போக 450. நான் உண்மையில் இழந்தது கட்டிய பணத்தில் 57 சதவீதம். பயணம் உறுதி என்றால் கூப்பன் லாபம். சந்தேகமான பயணத்துக்குக் கூப்பனைப் பெரிதாக நம்ப வேண்டாம். ஆப் தனியாக வாங்கும் சேவைக் கட்டணமும், 'இலவச ரத்து' என்று சொல்லி இருக்கைக்கு இவ்வளவு என்று வாங்கும் கூடுதல் தொகையும் திரும்ப வராது. அந்த 'இலவச ரத்து' வசதிக்கும் ஒரு கெடு நேரம் உண்டு. எந்தக் கடிகாரத்தில் என்று நான் இனிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, என் கல்யாணப் பயணத்தில் நான்கில் இரண்டு இருக்கையை மட்டும் ரத்து செய்ய ஆப் வழிவிட்டது, தொகைதான் பூஜ்யம். எல்லா பஸ்ஸுக்கும் அப்படி இல்லை. 'மொத்தமாக எடுத்த டிக்கெட்டில் தனி இருக்கையை ரத்து செய்ய முடியாது' என்று சில பஸ்காரர்கள் விதி வைத்திருக்கிறார்கள். பாட்டி வருவாரா மாட்டாரா என்று இழுபறியாக இருந்தால் பாட்டிக்குத் தனி டிக்கெட்டாகப் போட்டுவிடுவது என் பழக்கம். பக்கத்து இருக்கையைப் பார்த்து எடுத்தால் போதும்.

கவுண்டர் கதைக்கு வருகிறேன். என் மாமனாருக்கு ஆப் என்றாலே ஆகாது. "நேர்ல ஒருத்தன் மூஞ்சியப் பார்த்துக் காசு குடுத்தாத்தான் நம்பிக்கை" என்பார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிராவல்ஸ் கடையில் 900 ரூபாய் கொடுத்துச் சென்னைக்கு ஒரு ஏ.சி. இருக்கை வாங்கினார். போக முடியவில்லை. இரண்டு நாளுக்கு மேல் இருக்கும்போதே போய் ரத்து செய்தார். கையில் கிடைத்தது 700.

"ரெண்டு நாள் முன்னாடியே சொல்லியும் 200 ரூபா பிடிச்சுட்டான்" என்று வீட்டில் ஒரே புலம்பல். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். அது அந்தக் கடையின் சொந்த பஸ் இல்லை. கடைக்காரர் தன்னுடைய ஏஜெண்ட் கணக்கில் ஆன்லைனில் எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். டிக்கெட்டில் இருக்கை விலை 800, வரி 40, ஆக 840. 900-க்கு மீதி 60 அவர் வைத்த சேவைக் கட்டணம். விதிப்படி பிடித்தம் 10 சதவீதம், 80 ரூபாயும் வரி 4 ரூபாயும். 756 திரும்ப வந்திருக்க வேண்டும்.

மறுநாள் மாமனாரோடு போய்க் கேட்டேன். கடைக்காரர் மறைக்கவில்லை. "ரீஃபண்ட் எங்க ஐடிக்குத்தான் சார் வரும். எங்க பேலன்ஸ்ல ஏறிடும். உங்க கைக்குக் குடுக்கறது நாங்கதானே, எங்களுக்கும் வேலை இருக்குல்ல" என்றார். ரத்து செய்வதற்கும் அவர் ஒரு கூலி எடுத்திருக்கிறார், 56 ரூபாய். முதலில் சொல்லியிருந்தால் மாமனார் சம்மதித்திருப்பார். சொல்லாததுதான் குறை. பேசிப் பேசி 50 ரூபாயை வாங்கிக்கொண்டு வந்தோம். அது பெரிய வெற்றி ஒன்றும் இல்லை, அன்று ஆட்டோவுக்கே 80 ஆனது.

அந்த டிக்கெட்டில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. பயணியின் கைபேசி எண் என்ற இடத்தில் கடைக்காரர் தன் எண்ணைப் போட்டிருந்தார். பஸ் ரத்தானாலும், நேரம் மாறினாலும், வண்டி எண் வந்தாலும் குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும். ராத்திரி பத்து மணிக்கு அவர் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கப் போயிருப்பார். அதனால் இப்போதெல்லாம் மாமனாரிடம் இரண்டே விஷயம் சொல்லி அனுப்புகிறேன்: உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று காசு கொடுக்கும் முன் கேளுங்கள். பஸ் கம்பெனியின் சொந்த அலுவலகத்தில் எடுத்தால் நடுவில் ஆள் இல்லை. அங்கே அந்த அசல் சீட்டுதான் எல்லாம். விதிகள் பெரும்பாலும் அதன் பின்பக்கம் இருக்கும். ரத்து செய்யும்போது சீட்டை வாங்கிக்கொள்வார்கள், அதனால் கொடுக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

அரசு பஸ்ஸில் முன்பதிவுக் கட்டணம் தனியாக இருக்கும், அது திரும்பாது. மீதிப் பயணக் கட்டணத்தில்தான் பிடித்தம், நேரம் நெருங்க நெருங்க அதுவும் ஏறும். என் அனுபவத்தில் கவுண்டரில் எடுத்ததைக் கவுண்டரில்தான் ரத்து செய்ய முடிந்தது, அசல் டிக்கெட்டோடு. tnstc.in தளத்தில் எடுத்ததை அந்தத் தளத்திலேயே ரத்து செய்தேன், பணம் கட்டிய கணக்குக்கே வந்தது. கவுண்டரில் வாங்கியதைக் கவுண்டர் மூடிய பிறகு ரத்து செய்ய நினைத்தால் வழி இல்லை. ராத்திரி பஸ்ஸுக்கு மாலையில் முடிவை மாற்றுகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் நாம் ரத்து செய்வது. பஸ்காரரே ரத்து செய்தால் பிடித்தம் கூடாது, முழுப் பணமும் வர வேண்டும். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. போன மார்கழியில் மாலை நாலு மணிக்கு ஒரு போன். "சார், இன்னிக்கு வண்டி போகலை. நீங்களே ஆப்ல கேன்சல் பண்ணிடுங்க, அமௌண்ட் வந்துடும்." குரலில் ஒரே பணிவு. பொத்தானில் விரல் வைத்துவிட்டேன். அந்த பஸ்ஸின் விதிப்படி 50 சதவீதம் பிடித்தம் என்று திரை காட்டியதும் விரலை எடுத்துவிட்டேன்.

பொத்தானை நாம் அழுத்தினால் அது பயணி செய்த ரத்து. ஆப் வழக்கமான பிடித்தத்தை எடுத்துக்கொள்ளும், பஸ்காரருக்கு ஓடாத பஸ்ஸுக்கும் பாதிக் கட்டணம் கிடைக்கும். நான் அந்த நபரிடம், "நீங்க உங்க பக்கம் கேன்சல் பண்ணுங்க, இல்லேன்னா பஸ் போகலைன்னு ஒரு மெசேஜ் அனுப்புங்க" என்றேன். "சரி சார்" என்றார், அனுப்பவில்லை. ஆப்பின் உதவிப் பக்கத்தில் 'பஸ் இயக்கப்படவில்லை' என்று புகார் பதிந்தேன். போன் வந்த நேரமும் எண்ணும் தெரியும்படி அழைப்புப் பட்டியலைப் படம் எடுத்து இணைத்தேன். அவர்கள் பஸ் அலுவலகத்தைக் கேட்டு உறுதி செய்தார்கள். மறுநாள் முழுத்தொகையும் வந்தது. அதே பஸ்ஸில் எங்கள் தெருக்காரர் ஒருவரும் போக இருந்தார். அவர் சொன்னபடி கேட்டு ரத்து செய்துவிட்டார். பாதிதான் கிடைத்தது. பிறகு அவர் எவ்வளவு விளக்கியும், 'ரத்து உங்கள் கணக்கிலிருந்து செய்யப்பட்டது' என்ற ஒரே பதில்தான்.

பணம் வரும் வழியிலும் ஒரு தேர்வு வரும். ஆப் வாலெட்டில் உடனே வேண்டுமா, வங்கிக் கணக்கில் சில நாளில் வேண்டுமா என்று கேட்கும். உடனே என்ற சொல் இழுக்கும். வாலெட்டில் போனால் அடுத்த பஸ் டிக்கெட்டுக்குத்தான் உதவும், சிலவற்றுக்குக் காலாவதி தேதியும் உண்டு. நான் வங்கியையே தேர்ந்தெடுக்கிறேன். வங்கிக்கு வரச் சொல்லி ஒரு வாரம் தாண்டியும் வரவில்லை என்றால், 'அனுப்பிவிட்டோம்' என்ற பதிலோடு நிற்கக் கூடாது. யு.பி.ஐ. என்றால் அந்தத் திருப்பி அனுப்பிய பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். உண்மையில் அனுப்பியிருந்தால் அந்த எண் இருக்கும், அதை வைத்து வங்கியில் தேடச் சொல்லலாம். எண் தராமல் இழுத்தால் பணம் இன்னும் கிளம்பவில்லை என்று நான் புரிந்துகொள்வேன். அந்த நிலையில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவது பலன் தந்திருக்கிறது. ஒருமுறை பதினைந்து நாள் இழுத்த 640 ரூபாய், புகார் பதிந்த மூன்றாம் நாள் வந்தது.

பணம் பிடித்துவிட்டது, டிக்கெட் வரவில்லை என்பது வேறு ரகம். அது ரத்து இல்லை, தோற்றுப்போன பரிவர்த்தனை. அதில் ஒரு பைசா பிடித்தம் கூடாது. யு.பி.ஐ.யில் கடைக்குக் கட்டியது இப்படி நடுவில் நின்றுவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-இலேயே உத்தரவு போட்டிருக்கிறது. இதற்கு ஆப்காரரைவிட வங்கியைப் பிடிப்பது வேகம்.

இந்தப் பொங்கலுக்கும் நாகர்கோவில்தான், அதே மாதிரி நடுராத்திரி பஸ். டிக்கெட் போட்ட அன்றே மனைவி சமையலறை நாட்காட்டியில் அந்த வாரத் தாளைப் புரட்டி, வெள்ளிக்கிழமைத் தாளில் சிவப்புப் பேனாவால் 'காலை 6.45 – பாதி' என்று எழுதினாள். அதற்கு முந்தைய நாள் தாளில் 'மாலை 6.45 – கால்'. பஸ் ஏறும் நேரத்தை எங்கேயும் எழுதவில்லை. "அது நீங்க மறக்க மாட்டீங்க" என்றாள்.